ஒட்டுத் தெரியாத் தோரணிக் கட்டம்

ஒட்டுத் தெரியாத் தோரணிக் கட்டம் என்பது துணியிலோ சுவர்த்தாளிலோ மீண்டும் மீண்டும் அடுக்கி அச்சிடப்படும் அலங்காரத்தின் அடிப்படை அலகு ஆகும். இக்கட்டத்தின் வலது விளிம்பு, அடுத்து வரும் அதே கட்டத்தின் இடது விளிம்புடன் இயல்பாகத் தொடர வேண்டும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அவ்வாறே தொடர வேண்டும். துணி அச்சுத் தொழிலில் உள்ளோர் இதனை "ரிப்பீட்" என்றே வழங்குவர். முன்னர் ஓவியர்கள் கையால் வரைந்து சரிசெய்த இவ்வலகை, 2022 முதல் சொற்களைக் கொடுத்துப் படம் ஆக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களின் வழியாகவும் உருவாக்குகின்றனர். ஆயினும் அம்மென்பொருள்களிடம் "ஒட்டுத் தெரியாத தோரணி" என்று கேட்பதனால் மட்டும் விளிம்புகள் இணைந்துவிடுவதில்லை. அதன் காரணத்தையும், இணைய வைக்கும் முறையையும், இணைந்ததைச் சோதிக்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

== விளிம்பு இணைதல் என்றால் என்ன ==

ஒரு தாளை உருளையாகச் சுருட்டினால் இட, வல விளிம்புகள் ஒன்றையொன்று தொடும். அவ்வுருளையை வளைத்து வடை போன்ற வளையமாக்கினால் மேல், கீழ் விளிம்புகளும் தொடும். தோரணிக் கட்டம் என்பது உண்மையில் இத்தகைய வளையத்தின் மேற்பரப்பே ஆகும். அதற்கு விளிம்பு என்று ஒன்று கிடையாது. நாம் கோப்பாகச் சேமிக்கும்போது ஏதோ ஓரிடத்தில் வெட்டி விரிக்கிறோம், அவ்வளவே. எங்கு வெட்டினாலும் அதே துணிதான் கிடைக்கும். இக்கருத்து பின்னர் வரும் எல்லா வழிமுறைகளுக்கும் அடிப்படையாகும்.

இங்குப் பலரிடமும் காணப்படும் ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். முதல் நிரலில் உள்ள படப்புள்ளிகளும் கடைசி நிரலில் உள்ள படப்புள்ளிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். அது சரியன்று. அவை ஒன்றாக இருந்தால் அடுக்கும்போது அதே நிரல் இருமுறை வரும். அவை ஒன்றுக்கொன்று அடுத்த வீட்டாராக இருக்க வேண்டும். படத்தின் நடுவில் உள்ள எந்த இரு அண்டை நிரல்களுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு உள்ளதோ, கடைசி நிரலுக்கும் முதல் நிரலுக்கும் இடையேயும் ஏறத்தாழ அவ்வளவே இருக்க வேண்டும்.

தமிழகத்தில் இச்சிக்கலைத் தீர்த்த பழைய முறைகள் இன்றும் கண்முன் உள்ளன. செட்டிநாட்டின் ஆத்தங்குடிக் கல்லில் பூவின் கால் பகுதி மட்டும் ஒரு மூலையில் இருக்கும். நான்கு கற்களைத் திருப்பி வைத்தால் ஒரு முழுப்பூ கிடைக்கும். விளிம்பில் வரும் கோடு எப்போதும் ஒரே இடத்தில் வெட்டுமாறு சமச்சீராக அமைப்பதே இதன் சூட்சுமம். புள்ளிக் கோலங்களில் சிறிய கோலத்தை நாற்புறமும் தொடர்ந்து பெரிதாக்குவதும் இதே வகைதான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களை வரிசை இலக்கணங்களாக விவரித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். தளத்தில் ஒரு தோரணி மீண்டும் வரத்தக்க சமச்சீர் வகைகள் மொத்தம் 17 மட்டுமே என்பதை 1891-இல் ஃபெதரோவ் நிறுவியிருந்தார்.

மரக்கட்டை அச்சில் வேறொரு உத்தி உண்டு. நல்ல அச்சுக்கட்டையின் ஓரம் நேர்கோடாக இராது. இலை, கொடி ஆகியவற்றின் புறக்கோட்டை ஒட்டியே செதுக்கப்பட்டிருக்கும். அதனால் இரண்டு பதிப்புகள் சந்திக்கும் இடம் வளைந்து நெளிந்து ஓவியத்துக்குள்ளேயே மறைந்துவிடும். கண் நேர்கோடுகளை எளிதில் கண்டுபிடிக்கும், நெளிகோட்டைத் தவறவிடும். கணினியில் ஒட்டைத் திருத்தும்போதும் இதனை நினைவிற் கொள்வது நன்று.

== சொல்லிக் கேட்டால் ஏன் கிடைப்பதில்லை ==

படம் ஆக்கும் மென்பொருளுக்குக் கொடுக்கும் சொற்றொடரைத் தூண்டுரை என்பர். தூண்டுரையில் `seamless` என்ற சொல்லைச் சேர்த்தால், அச்சொல்லுடன் இணையத்தில் இருந்த படங்களின் தோற்றம் வரும். அதாவது தட்டையான நிறங்கள், சிதறிய பூக்கள், ஒரே அளவு இடைவெளி ஆகியவை வரும். அவை தோரணி போன்ற தோற்றத்தைத் தரும். ஆனால் வலது ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்ட மாங்காயின் மறுபாதி இடது ஓரத்தில் அதே உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு மென்பொருளுக்குள் எங்கும் இல்லை.

காரணம் அதன் உள்ளமைப்பில் உள்ளது. 2022 ஆகத்தில் வெளியான ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற மாதிரிகள் இரைச்சலில் தொடங்கிப் படிப்படியாகப் படத்தைத் தெளிவாக்குகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு புள்ளியின் புதிய மதிப்பை அதன் அண்டைப் புள்ளிகளைப் பார்த்தே கணிக்கின்றன. விளிம்பில் உள்ள புள்ளிக்கு ஒரு பக்கம் அண்டை இல்லை. அந்த வெற்றிடத்தில் மென்பொருள் சுழியங்களை இட்டு நிரப்புகிறது. ஆகவே மாதிரிக்கு "இங்கே உலகம் முடிகிறது" என்ற செய்தி கிடைக்கிறது. மறுவிளிம்பில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரிய வருவதில்லை.

தீர்வும் இதிலிருந்தே பிறக்கிறது. வெற்றிடத்தைச் சுழியத்தால் நிரப்பாமல் எதிர் விளிம்பின் புள்ளிகளால் நிரப்பினால் போதும். மாதிரி, தாளின் மேல் வரையாமல் வளையத்தின் மேல் வரையத் தொடங்கும். இதனைச் சுழல் நிரப்பல் எனலாம். 2023-இல் வெளியான எஸ்.டி.எக்ஸ்.எல். மாதிரிக்கு இதனைச் சில வரிகளில் செய்யலாம்:

```python
import torch
from diffusers import StableDiffusionXLPipeline

pipe = StableDiffusionXLPipeline.from_pretrained(
    "stabilityai/stable-diffusion-xl-base-1.0",
    torch_dtype=torch.float16).to("cuda")

for part in (pipe.unet, pipe.vae):
    for m in part.modules():
        if isinstance(m, torch.nn.Conv2d):
            m.padding_mode = "circular"
```

`unet` என்பது இரைச்சலை நீக்கும் பகுதி. `vae` என்பது சுருங்கிய வடிவிலிருந்து முழுப்படத்தை விரிக்கும் பகுதி. இரண்டையும் மாற்ற வேண்டும். முதலாவதை மட்டும் மாற்றினால் உருவங்கள் விளிம்பைத் தாண்டிச் சரியாகத் தொடரும், ஆயினும் மயிரிழை போன்ற ஒரு நிறக்கோடு ஒட்டில் எஞ்சி நிற்கும். பார்ப்பதற்கு மிக நுட்பமான இக்குறை அச்சில் தெளிவாகத் தெரியும்.

நிரல் எழுதாதோர்க்கும் வழி உண்டு. ஸ்டேபிள் டிஃபியூஷனுக்கான பரவலான இடைமுகம் ஒன்றில் `Tiling` என்ற தெரிவு இதையே செய்கிறது. மிட்ஜர்னி சேவையில் தூண்டுரையின் இறுதியில் `--tile` என்று சேர்ப்பர். இவை இல்லாத சேவைகளில் எத்தகைய சொல்லைப் பயன்படுத்தினாலும் விளிம்பு இணைவது தற்செயலே.

சுழல் நிரப்பல் எல்லா மாதிரிகளுக்கும் பொருந்தாது. படத்தைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் இட எண் கொடுக்கும் புதிய வகை மாதிரிகளில் விளிம்பு பற்றிய அறிவு இட எண்ணிலேயே இருக்கிறது. அவற்றுக்கு வேறொரு வழி பயன்படும். ஒவ்வொரு படி முடிந்ததும் இன்னும் தெளியாத படத்தை வளையத்தின் மேல் சிறிது நகர்த்திவிட வேண்டும். ஒரு படியில் விளிம்பாக இருந்த இடம் அடுத்த படியில் நடுவுக்கு வந்துவிடும். மாதிரி அதனைத் தானே ஒட்டித் தைக்கும்.

== எடுத்துக்காட்டு: தருமபுரி உருக்கள் கொண்ட ஒரு கட்டம் ==

தருமபுரி மாவட்டத்தை நினைவூட்டும் மூன்று உருக்களைக் கொண்டு படுக்கை விரிப்புக்கான ஒரு தோரணி வேண்டும் என்று கொள்வோம். அவை கேழ்வரகுக் கதிர், மாங்காய், ஒகேனக்கல் பரிசல் ஆகியன. துணி அச்சுத் தொழில் பெருமளவில் நடைபெறும் அண்மை நகரம் ஈரோடு ஆதலால், அங்கு அச்சிடத் தக்க கோப்பாக அது அமைய வேண்டும்.

உருக்களைத் தேர்வதிலேயே பாதி வேலை முடிகிறது. பரிசலைப் பக்கவாட்டில் வரைந்தால் அதற்கு மேல், கீழ் என்ற திசை வந்துவிடும். துணியை வெட்டுவோர் அதைத் திருப்பிப் போட முடியாது. மேலிருந்து பார்த்தால் பரிசல் ஒரு வட்டம். மூங்கில் பின்னல் அதற்குள் அழகான கோடுகளைத் தரும். எனவே மேலிருந்து பார்த்த பரிசலே ஏற்றது. கேழ்வரகுக் கதிர் மடங்கிய விரல்கள் போன்றது. இம்மாதிரிகள் கோதுமைப் படங்களையே மிகுதியாகக் கண்டவை ஆதலால், பெரும்பாலும் கோதுமைக் கதிரையே வரைந்து தருகின்றன. அவ்வாறு நேர்ந்தால் பெயரைச் சொல்லிப் பயனில்லை, வடிவத்தை விவரிக்க வேண்டும். அல்லது கதிரைக் கையால் வரைந்து பின்னர் ஒட்ட வேண்டும்.

தூண்டுரை பின்வருமாறு அமையலாம்:

```
seamless repeating pattern, small mangoes, round woven
bamboo coracles seen from above, millet heads with short
curled finger-like spikes, scattered evenly in all
directions, flat colours, plain cream ground
```

வேண்டாதவற்றை எதிர்மறைத் தூண்டுரை என்ற தனிப் பெட்டியில் இட வேண்டும்:

```
border, frame, vignette, shadow, cloth folds, photograph
```

முதற்பெட்டியில் "ஓரக்கட்டு வேண்டாம்" என்று எழுதினால் மாதிரி "ஓரக்கட்டு" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அதையே வரைவது உண்டு. இதே போல "துணி" என்ற சொல்லைச் சேர்த்தால் மடிப்பும் நிழலும் கொண்ட துணியின் ஒளிப்படம் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது துணியின் படம் அன்று, துணியில் அச்சிட வேண்டிய படம்.

=== அளவு ===

அளவை முதலிலேயே முடிவு செய்வது இன்றியமையாதது. ஈரோடு போன்ற இடங்களில் நீண்ட அளவில் அச்சிட உருளைத் திரை எந்திரம் பயன்படுகிறது. இவ்வகை எந்திரத்தை இசுடார்க் என்ற டச்சு நிறுவனம் 1963-இல் ஹனோவர் நகரில் நடந்த கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. நுண்துளைகள் கொண்ட மெல்லிய நிக்கல் உருளை சுழல, அதனுள்ளிருந்து சாயப்பசை துணியின் மேல் இறங்கும். உருளையின் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ. ஆகும். வேறு சுற்றளவுகளும் உண்டு என்பதால் ஆலையில் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டத்தின் நீளம் இச்சுற்றளவை மீதமின்றி வகுக்க வேண்டும். 64, 32, 16 ஆகியவை பொருந்தும். 30 செ.மீ. பொருந்தாது. 30 செ.மீ. கட்டத்தைக் கொண்டு சென்றால் ஆலையில் அதை 32 ஆக இழுத்துவிடுவர், வட்டப் பரிசல் நீள்வட்டமாகிவிடும்.

இங்கு 32 செ.மீ. சதுரத்தை எடுத்துக்கொள்வோம். மாதிரி தருவது 1024 படப்புள்ளி. அதை நான்கு மடங்கு பெருக்கினால் 4096. 4096-ஐ 32-ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 128 புள்ளிகள் சரியாக வருகின்றன. இதற்கு மாறாக அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று தொடங்கினால் 32 செ.மீ. என்பது 3779.53 புள்ளிகள் ஆகும். அரைப்புள்ளி என்று ஒன்று இல்லை. எனவே ஏதோ ஒரு பக்கம் முழுமையாக்க வேண்டியிருக்கும், அந்தச் சிறு பிழை ஒட்டில் வந்து சேரும். மெட்ரிக் அளவில் கணக்கிடுவதே நல்லது.

=== பெருக்கும்போது ஒட்டு கெடுதல் ===

சுழல் நிரப்பலால் ஒழுங்காக இணைந்த கட்டம், பெருக்கும் கருவியில் இட்டவுடன் கெட்டுவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை. பெருக்கும் கருவியும் அண்டைப் புள்ளிகளைப் பார்த்தே வேலை செய்கிறது. அதற்கும் விளிம்பில் அண்டை இல்லை. ஆகவே பெருக்கும் முன் கட்டத்தைச் சுற்றி எதிர் விளிம்பிலிருந்து 64 புள்ளிகள் எடுத்து ஒட்டி, பெருக்கிய பின் அதன் நான்கு மடங்கான 256 புள்ளிகளை வெட்டிவிட வேண்டும்.

```python
p = np.pad(a, ((64, 64), (64, 64), (0, 0)), mode="wrap")
# p-ஐ 4 மடங்கு பெருக்கி q எனப் பெறுக
t = q[256:-256, 256:-256]
```

1024 உடன் 128 சேர்ந்து 1152. அதன் நான்கு மடங்கு 4608. இருபுறமும் 256 வெட்டினால் 4096 எஞ்சும். மங்கலாக்குதல், கூர்மையாக்குதல் போன்ற எல்லா வடிகட்டிகளுக்கும் இதே முறை பொருந்தும். இடைநிலைக் கோப்புகளை ஜேபெக் வடிவில் சேமிக்காமல் பி.என்.ஜி. அல்லது டிஃப் வடிவில் வைக்க வேண்டும். ஜேபெக் 8 புள்ளிச் சதுரங்களாகச் சுருக்குவதால் ஓரங்களில் நிறம் சிறிது பிறழும்.

=== நிறம் பிரித்தல் ===

உருளைத் திரையில் ஒரு நிறத்துக்கு ஓர் உருளை வேண்டும். மாதிரி தரும் படத்திலோ பல்லாயிரம் நிறங்கள் இருக்கும். நமது தோரணிக்கு வெண்பழுப்புத் தரை நீங்கலாக ஐந்து நிறங்கள் போதும் என்று கொண்டால், படத்தை ஆறு நிறத் தட்டுக்குச் சுருக்க வேண்டும். இங்கும் ஒரு பொறி உள்ளது. பல மென்பொருள்கள் நிறம் குறைக்கும்போது பிழைப் பரவல் என்ற முறையில் புள்ளிகளைத் தூவுகின்றன. அம்முறை மேல் இடது மூலையில் தொடங்கி வரிசையாகக் கீழே செல்லும், ஒவ்வொரு புள்ளியின் பிழையையும் அடுத்த புள்ளிக்குத் தள்ளும். வலது ஓரத்தை அடைந்தபின் பிழை இடது ஓரத்துக்குச் செல்லாது. அதனால் தூவலின் சீர் ஒட்டில் உடைகிறது. தூவலை நிறுத்திவிட்டால், ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே அருகிலுள்ள நிறத்துக்கு மாறும், ஒட்டு கெடாது.

```python
im = im.quantize(palette=pal, dither=Image.Dither.NONE)
```

மைத்தாரை வழியாகத் துணியில் நேரே அச்சிடும் டிஜிட்டல் எந்திரங்களில் நிறம் பிரிக்க வேண்டிய தேவையில்லை, சுற்றளவுக் கட்டுப்பாடும் இல்லை. குறைந்த மீட்டர்கள் மட்டும் வேண்டுவோர் இதனையே நாடுகின்றனர்.

== சோதித்தல் ==

ஒட்டுப் பிழை துணியில் எவ்வளவு கேடு செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 32 செ.மீ. கட்டத்தின் ஒட்டில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தால், 1000 மீட்டர் துணியில் அது 3125 முறை குறுக்கே வரும். உருளைகளும் வீண், துணியும் வீண். சோதனைக்குச் செலவாகும் சில நிமிடங்களைத் தவிர்ப்பதில் பொருளில்லை.

முதற் சோதனை, கட்டத்தை வளையத்தின் மேல் பாதி நகர்த்துவது. அப்போது நான்கு மூலைகளும் படத்தின் நடுவில் சந்திக்கும், விளிம்புகள் நடுவில் சிலுவையாக நிற்கும். ஒட்டு இருந்தால் அச்சிலுவை கண்ணில் படும். கிம்ப் மென்பொருளில் `Layer → Transform → Offset`, போட்டோஷாப்பில் `Filter → Other → Offset` இதற்குரியவை. நிரலில் எழுதுவதாயின்:

```python
b = np.roll(a, (h // 2, w // 2), axis=(0, 1))
```

இரண்டாம் சோதனை எண்ணால் அளப்பது. பல கட்டங்களை ஒரே நேரத்தில் ஆக்கிப் பார்க்கும்போது இது உதவும்.

```python
a = np.asarray(im.convert("RGB"), dtype=float)
inner = np.abs(np.diff(a, axis=1)).mean()
edge = np.abs(a[:, 0] - a[:, -1]).mean()
print(edge / inner)
```

விடை 1-ஐ ஒட்டி இருந்தால் இட, வல விளிம்புகள் நன்கு இணைந்துள்ளன. பல மடங்காக இருந்தால் ஒட்டு உள்ளது. சரியாக 0 என்று வந்தால், முன்னர்க் கூறிய இரட்டை நிரல் பிழை இருக்கலாம், அல்லது இரு ஓரங்களிலும் வெறும் தரை மட்டுமே இருக்கலாம். மேல், கீழ் விளிம்புகளுக்குத் தனியே கணக்கிட வேண்டும்.

விடை 1-க்கு மிகக் குறைவாக வருவதை மகிழ்ச்சியாகக் கொள்ளலாகாது. `seamless` என்று கேட்டுச் சுழல் நிரப்பல் இன்றி ஆக்கிய படங்களில், மாதிரி விளிம்பருகே எந்த உருவையும் வைக்காமல் தவிர்த்துவிடுவதுண்டு. வெறும் தரையும் வெறும் தரையும் ஒழுங்காகவே இணையும். ஆனால் துணியில் அடுக்கினால் அவ்வெற்றிடங்கள் சேர்ந்து சன்னல் கம்பிகள் போல் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒட்டுத் தெரியாது, கட்டம் தெரியும்.

ஆகவே மூன்றாம் சோதனை கண்ணால் செய்வது. கட்டத்தை மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, திரையிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நின்று கண்களைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மாங்காய் மட்டும் சற்றே கருமையாக இருந்தால் அது ஒன்பது இடங்களில் புள்ளி வைத்தாற்போல் நிற்கும். படத்தின் நடுப்பகுதி சற்று வெளிறி இருந்தால் துணி முழுவதும் மேகத் திட்டுகள் வரிசையாக வரும். இம்மாதிரிகளுக்கு நடுவில் ஒளி கூட்டும் இயல்பு உண்டு என்பதால் இக்குறை அடிக்கடி நேர்கிறது. மேற்கூறிய எண் சோதனை இதனைக் காட்டிக்கொடுக்காது.

== ஏற்கெனவே உள்ள படத்தைச் சரிசெய்தல் ==

சுழல் நிரப்பல் இல்லாத சேவையில் ஆக்கிய படத்தையோ, கையால் வரைந்து வருடிய ஓவியத்தையோ கட்டமாக்க வேண்டியும் வரலாம். எளிய வழி, படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக இரு திசையிலும் திருப்பி ஒட்டுவது. விளிம்பு கட்டாயம் இணையும். ஆனால் எதிரொளித்த உருக்கள் சேர்ந்து முகமூடி போன்ற வடிவங்கள் தோன்றும், அவை தோன்றியபின் கண் வேறெதையும் பார்க்காது. ஆத்தங்குடிக் கல்லுக்கு அழகு தரும் சமச்சீர், சிதறிய மாங்காய்த் தோரணிக்குப் பகையாகிறது.

மேலான வழி, ஒட்டை நடுவுக்கு நகர்த்தி அப்பகுதியை மட்டும் மாதிரியைக் கொண்டு மீண்டும் வரைவிப்பது. பலர் சிலுவை வடிவில் முகமூடியிட்டு ஒரே தடவையில் இதனைச் செய்கின்றனர். அவ்வாறு செய்தால் சிலுவையின் நான்கு கைகளும் படத்தின் விளிம்பைத் தொடும் இடங்களில் புதிய ஒட்டுகள் பிறக்கும். மூன்று படிகளாகச் செய்தால் இது நேராது. முதலில் கிடைமட்டமாகப் பாதி நகர்த்தி, நடுவில் நிற்கும் செங்குத்துப் பட்டையை மேலிருந்து கீழ்வரை வரைவிக்க வேண்டும். அடுத்துச் செங்குத்தாகப் பாதி நகர்த்தி, கிடைப்பட்டையை இடப்புறமும் வலப்புறமும் 64 புள்ளிகள் விட்டு வரைவிக்க வேண்டும். இறுதியாக மீண்டும் கிடைமட்டமாகப் பாதி நகர்த்தினால், விட்டுவைத்த சிறு துண்டு படத்தின் நடுவுக்கு வந்துவிடும். அதனைச் சுற்றி நாற்புறமும் நல்ல பகுதி இருப்பதால் எந்த விளிம்பையும் தொடாமல் நிரப்பிவிடலாம். பட்டையின் ஓரத்தை நேர்கோடாக வைக்காமல், அச்சுக்கட்டை செதுக்குவோர் செய்தது போல, உருக்களின் புறக்கோட்டை ஒட்டி வளைத்துக் கொண்டால் விளைவு இன்னும் நன்றாக இருக்கும்.

== அரைத்தாழ்வு அடுக்கு ==

கட்டங்களை நேர் வரிசையில் அடுக்காமல், ஒவ்வொரு நெடுவரிசையையும் முந்தியதைவிடப் பாதி உயரம் தாழ்த்தி அடுக்குவதை அரைத்தாழ்வு என்பர். தொழிலில் "ஹாஃப் டிராப்" என்று வழங்கும். ஒரே உரு கிடைக்கோட்டில் வரிசையாக நிற்பது இதனால் குறையும், தோரணி பெரிதாகத் தோன்றும்.

நேரடுக்குக்காக ஆக்கிய கட்டத்தை அப்படியே அரைத்தாழ்வாக அடுக்க முடியாது. அதன் வலது விளிம்பின் மேற்பாதி, இடது விளிம்பின் மேற்பாதியுடன் இணைவதற்காக வரையப்பட்டது. தாழ்த்தி அடுக்கினால் அது கீழ்ப்பாதியைச் சந்திக்கும், மாங்காயின் பாதிக்கு எதிரே பரிசலின் பாதி வந்து நிற்கும். அரைத்தாழ்வு வேண்டுமாயின் கட்டத்தின் அருகில் அதன் பாதி தாழ்த்திய படியை வைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள ஒட்டை வரைவித்து, அத்திருத்தத்தை இரு படிகளிலும் உரிய உயரத்தில் பதிய வேண்டும். முடிவில் ஆலைக்குக் கொடுப்பது இரட்டை அகலக் கட்டம் ஆகும். நமது எடுத்துக்காட்டில் அது 64 செ.மீ. அகலமும் 32 செ.மீ. நீளமும் கொண்டிருக்கும்.

== சுவர்த்தாளும் சேலையும் ==

சுவர்த்தாளில் கோப்பின் ஒட்டு மட்டுமன்றிச் சுவரிலேயே ஓர் ஒட்டு உண்டு. வழக்கமான சுருள் 53 செ.மீ. அகலம் உடையது. ஒட்டுவோர் ஒரு பட்டையின் ஓரத்தை அடுத்த பட்டையுடன் கையால் பொருத்துகின்றனர். எனவே கட்டத்தின் அகலம் 53 அல்லது 26.5 செ.மீ. ஆக இருக்க வேண்டும், மெல்லிய நேர்கோடுகள் அந்த ஓரத்தைக் கடக்காமல் இருப்பது நல்லது. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கோடு முறிந்து தெரியும், இலை முறிந்தால் தெரியாது.

சேலையில் உடற்பகுதிக்கு மட்டுமே கட்டம் பயன்படும். கரைக்கு ஒரு திசையில் மட்டும் தொடரும் தனிப் பட்டை வேண்டும். முந்தி தொடராத ஒற்றை ஓவியம். உடலின் அகலம் கட்டத்தின் அகலத்தால் மீதமின்றி வகுபடாவிட்டால், கரையை ஒட்டி ஒரு பக்கம் முழு மாங்காயும் மறுபக்கம் வெட்டுப்பட்ட மாங்காயும் நிற்கும். இதனைத் தவிர்க்கக் கட்டத்தைச் சிறிது பெருக்கியோ குறைத்தோ அகலத்துக்குப் பொருத்துவர். உருளைத் திரையில் அச்சிடும்போது சுற்றளவு மாறாது என்பதால் நீளத்தை மாற்ற இயலாது. அகலத்தில் மட்டும் ஓரிரு விழுக்காடு மாற்றினால் பரிசலின் வட்டம் கெட்டதாகக் கண்ணுக்குத் தோன்றாது. அதற்கு மேல் வேண்டியிருந்தால் இழுக்காமல், உருக்களின் இடைவெளியை மாற்றிக் கட்டத்தை மீண்டும் ஆக்குவர்.